பெயர் மாற்றம்: எந்தத் தாள் முதலில், யாரிடம் முதலில்

"குன்னூர் பக்கம் ஒரு டீ பேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். வயது 27, திருநம்பி. திருநர் சான்றிதழைப் பழைய பெயரிலேயே முன்பு வாங்கிவிட்டேன். இப்போது ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி சான்றும் கையில் இருக்கிறது. புதுப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அம்மாவோடு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறேன். அப்பா இல்லை, அக்கா கல்யாணமாகி மேட்டுப்பாளையத்தில். அம்மாவுக்குப் பாதி தெரியும், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. பெயரை எப்படி எடுப்பது, எதில் முதலில் மாற்றுவது, வீட்டிலும் ஆபீஸிலும் எப்போது சொல்வது?"

நீங்கள் போடும் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்களைப் பற்றி யாரோ ஒருவரிடம் சொல்லிவிடும். ஆதாரில் கை வைத்தால் அதோடு இணைந்த போனுக்கு மெசேஜ் போகும். ரேஷன் கார்டில் கை வைத்தால் குடும்பத் தலைவரின் போனுக்கு ஓடிபி போகும். பான் கார்டு புதுப் பெயரில் தபாலில் வரும். மலையில் பல எஸ்டேட்டுகளில் தபால் முதலில் எஸ்டேட் ஆபீஸில் இறங்கி, அப்புறம்தான் யார் கையிலாவது லைனுக்கு வருகிறது. அதனால் தாள்களை மாற்றும் வரிசையும் ஆட்களிடம் சொல்லும் வரிசையும் சேர்ந்தே நடக்க வேண்டும். எந்தத் தாள் யாரிடம் போய்ச் சேரும் என்று பார்த்து, அது போவதற்கு முன்னால் அவரிடம் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். நடுவில் வேறு வழியாகத் தெரிந்தால் பெயரைப் பற்றிய பேச்சு போய், "எங்களிடம் மறைத்தாயா" என்ற பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனவே முதல் வேலை போன் நம்பர். உங்கள் ஆதாரிலும் பேங்க் கணக்கிலும் இருப்பது உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று பாருங்கள். பள்ளிக்கூட நாளில் எடுத்த ஆதாரில் அப்பா நம்பரோ அக்கா வீட்டுக்காரர் நம்பரோ இருப்பது சகஜம். அப்படி இருந்தால் பெயர்ப் பேச்சை எடுப்பதற்கு முன்பே ஆதார் மையத்தில் நம்பரை மட்டும் மாற்றிவிடுங்கள். அதில் யாருக்கும் எதுவும் தெரியவராது.

அடுத்தது பெயர். பிடித்த பெயர் எது என்பது உங்கள் மனசுக்குத் தெரியும். நான் சொல்வது அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி நிற்கும் என்பதைப் பற்றி மட்டும், ஏனென்றால் பிற்பாடு வரும் தொல்லையில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. மூன்று பெயர்களை எடுத்துக்கொள்வோம்: ஆதவன், எழில், கவின். ஆதவனை Aadhavan, Aathavan, Athavan, Adhavan என்று நான்கு விதமாக எழுதலாம். ஆபீஸுக்கு ஆபீஸ் அவரவர் காதில் விழுந்தபடி ஒன்றைத் தட்டிவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொன்றும் "பொருந்தவில்லை" என்று திரும்பி வரும். எழிலை நாம் Ezhil என்று எழுதுவோம், ஆனால் கால் சென்டரில் இருக்கும் வடநாட்டுக்காரர் அதை வேறு மாதிரி படிப்பார். கவினுக்கு Kavin என்பதைத் தவிர வேறு எழுத்து அனேகமாக யாருக்கும் தோன்றாது. ஆதவன்தான் வேண்டும் என்றால் தாராளமாக ஆதவனே வையுங்கள். ஆனால் எந்த எழுத்து என்று இன்றைக்கே முடிவு செய்து ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுன்டரிலும் வாயால் சொல்லாதீர்கள், தாளை நீட்டுங்கள். எண்கணிதம் பார்த்து ஒரு 'n' கூடப் போடுவதாக இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். பின்னால் போட முடியாது.

இனிஷியல் இதைவிடச் சிக்கலானது. அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் மு. கவின் என்றால் போதும். பான் படிவம் அப்படி விடாது. அதில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்து ஏற்காது, முழுசாக Murugan என்று விரிக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டும் அதே மாதிரிதான். ஆதாரில் Kavin M என்றும் பானில் Kavin Murugan என்றும் நின்றால், இரண்டையும் இணைக்கும் இடத்தில் தகராறு வரும். எப்படியும் எல்லாவற்றையும் புதிதாக எழுதப்போகிறீர்கள். அதனால் தொடக்கத் தாளிலிருந்தே KAVIN MURUGAN என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அப்பா இனிஷியலைத் தொடாதவரை வேலை சுலபம். 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தின் 7-வது பிரிவு, சான்றிதழ் வைத்திருப்பவருக்குப் பிறப்புச் சான்றிலும் மற்ற எல்லா அடையாள ஆவணங்களிலும் முதல் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. முதல் பெயர் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. இனிஷியலை அம்மா பெயருக்கு மாற்ற நினைத்தால் அதற்குத் தனியாகக் கெஜட் அறிவிப்பு தேவைப்படும்.

எழுத்து முடிவான பிறகும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் எங்கும் விண்ணப்பிக்காமல் அந்தப் பெயரில் வாழ்ந்து பாருங்கள். கோயம்புத்தூரிலோ ஊட்டியிலோ இருக்கும் நண்பர்கள் அந்தப் பெயரிலேயே கூப்பிடட்டும், கொரியர் அந்தப் பெயரில் வரட்டும். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உங்கள் தலை தானாகத் திரும்புகிறதா என்பதுதான் சோதனை. இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். பள்ளியில் இனிஷியல் சரிசெய்ய ஒரு தடவை மாற்றியிருந்தால் உங்களுக்கு மிச்சம் ஒன்றுதான்.

பெயர் முடிவானதும் திருத்திய சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். transgender.dosje.gov.in தளத்தில் உங்கள் பழைய கணக்கிலேயே உள்ளே போய், ஆஸ்பத்திரியின் மருத்துவக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ கையெழுத்திட்ட சான்றை ஏற்ற வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டர் கையெழுத்து மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் அந்தச் சான்றில் உங்கள் பழைய பெயர், முதல் சான்றிதழில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். திருநர் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் இதற்குக் கலெக்டருக்குக் கொடுத்த கெடு 15 நாள். அதைத் தாண்டினால் ஊட்டியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணோடு மனுக் கொடுங்கள். அதோடு மாவட்டச் சமூக நல அலுவலரையும் நேரில் பாருங்கள். சான்றிதழ் வந்ததும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இங்கே ஒரு எழுத்து பிழையானால் அடுத்து வரும் எல்லாவற்றிலும் அந்தப் பிழைதான் அச்சாகும்.

பிறகு ஆதார். பெயரையும் பாலினத்தையும் ஒரே விண்ணப்பத்தில் மாற்றுங்கள், ஒரே கட்டணம்தான். 2025 அக்டோபரிலிருந்து அது 75 ரூபாய். பாலினத்தை ஆதாரில் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். முதல் சான்றிதழ் வந்த கையோடு 'திருநர்' என்று மாற்றியவர்கள், பின்னால் 'ஆண்' என்று மாற்றப் போகும்போது மெஷின் ஏற்காமல், மண்டல அலுவலகம் வரை எழுதி அலைய வேண்டியதாகிறது. நீங்கள் இதுவரை தொடவில்லை என்றால் அந்த ஒரு வாய்ப்பை இப்போதுதான் செலவு செய்ய வேண்டும். மையத்தில் உட்காரும்போது ஆபரேட்டர் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தட்டியதும் பக்கத்தில் தமிழ்ப் பெயரை மெஷின் தானாக எழுதும். கவின் 'காவின்' ஆகலாம், முருகன் 'முருகான்' ஆகலாம். அந்தக் கட்டத்திலேயே திருத்தச் சொல்லலாம். ரசீது அச்சான பிறகு திருத்தினால் அது இன்னொரு தடவையாகக் கணக்காகும்.

புது ஆதார் கைக்கு வருவதற்குள் அம்மாவுக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆதாருக்கு அடுத்து வருவது பான் தபாலும் ரேஷன் கார்டு ஓடிபியும்.

அம்மாவிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாருங்கள். கொழுந்து எடுத்துவிட்டுக் கால் கடுக்க வந்த சாயங்காலம் வேண்டாம், லைனில் விசேஷம் இருக்கும் நாளும் வேண்டாம். அவருக்குப் பாதி தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் உடம்பைப் பற்றி மறுபடியும் தொடங்காமல் பெயரிலிருந்தே தொடங்கலாம்: "அம்மா, கவர்மென்ட் சான்றிதழ்ல என் பேரு கவின்னு வந்திருக்கு. இனிமே எல்லாத்துலயும் அதுதான். நீங்களும் அப்படிக் கூப்பிடணும்னு எனக்கு ஆசை." அதோடு நிறுத்திவிட்டு அவர் பேசட்டும் என்று இருங்கள். சில அம்மாக்களுக்கு வருத்தமே, "நான் வெச்ச பேரு உனக்கு ஆகலையா" என்பதாகத்தான் இருக்கும். அதை எதிர்பார்த்தால், பெயரை முடிவு செய்வதற்கு முன்பே உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, எதை வைக்கலாம் என்று அவரையே கேட்கலாம். அவர் எடுத்துக் கொடுத்த பெயரை அவர் வாய் சீக்கிரம் பழகும். ஆனால் மூன்றும் உங்களுக்குச் சம்மதமான பெயர்களாக இருந்தால்தான் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுத்தால் கேட்காமல் இருந்ததைவிட மோசம்.

உறவுமுறையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயர் மாறும், முறை பழைய இடத்திலேயே நிற்கும். அக்காவின் பிள்ளைகள் உங்களைச் சித்தி என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா? இனி மாமா. அது வெறும் கூப்பிடும் சொல் இல்லை. அடுத்து அந்த வீட்டில் காதுகுத்து வந்தால் பிள்ளையை மடியில் வைத்து உட்காரும் தாய்மாமன் நீங்கள்தான். சீர் யார் செய்வது, பத்திரிகையில் எந்தப் பெயர், எந்த இடத்தில் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் கேள்வியாக எழும். அக்காவிடமும் அவர் வீட்டுக்காரரிடமும் இதை முன்கூட்டியே தனியாகப் பேசி வையுங்கள். மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வரக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு "இனிமே மாமான்னு கூப்பிடு" என்று ஒரு வரி போதும், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் எடுக்கும்.

யாராவது வீட்டை விட்டுப் போகச் சொன்னால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெற்றோரோ நெருங்கிய குடும்பத்தினரோ இருக்கும் வீட்டில் வசிக்கத் திருநருக்கு உரிமை உண்டு, அந்த வீட்டிலிருந்து அவரை ஒதுக்கக் கூடாது என்று அந்த 2019 சட்டமே சொல்கிறது. வீட்டையோ ஊரையோ விட்டுத் துரத்துவது தண்டனைக்குரிய குற்றம். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தமானது, அம்மாவின் வேலையோடு சேர்ந்து வந்தது. அதனால் லைனில் வாய்ச்சண்டை வந்தால் மேனேஜ்மென்ட் காதுக்குப் போவதற்கு முன் அம்மாவே ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. 'என் மகன்தான், என்னோடுதான் இருக்கிறான்' என்று அவர் சொல்லிவிட்டால் பிறகு பேச அதிகம் இருக்காது.

அம்மா சம்மதித்த பிறகு ரேஷன் கார்டில் பெயரை மாற்றுங்கள். கூடவே மறக்கக்கூடாத ஒன்று: அம்மாவின் பி.எப்., கிராஜுவிட்டி, எல்.ஐ.சி. எதிலாவது நாமினியாக உங்கள் பழைய பெயர், 'மகள்' என்று இருக்கும். அதை மாற்ற அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே விட்டுவிட்டால், பணம் வாங்கப் போகிற அன்று இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி ஆபீஸ். புது ஆதார் கைக்கு வருவதற்கு முன் ஆபீஸில் பெயர் பேச்சை எடுக்காதீர்கள். வெறும் வாயால் சொன்னால் விஷயம் பேக்டரி முழுக்கப் பரவும், பதிவேட்டில் மட்டும் எதுவும் மாறாது. இரண்டு கெட்டதும் சேர்ந்து வரும். ஆதார் வந்ததும் மேனேஜரையோ, ஆள் நிர்வாகம் பார்ப்பவரையோ தனியாகப் பாருங்கள், எழுதிய கடிதத்தோடு. மாற்றத் தேதி மாதத்தின் முதல் நாளாக இருக்கட்டும். நடு மாதத்தில் மாறினால் ஒரே மாதச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, பி.எப். கணக்கு எல்லாம் இரண்டு பெயரில் பிளந்து கிடக்கும். கடிதத்தை நீட்டவே வேண்டாம், இந்த அளவு போதும்:

"என் சட்டப்படியான பெயர் இனி மு. கவின் (KAVIN MURUGAN), பாலினம் ஆண். கலெக்டர் அளித்த சான்றிதழ், ஆதார் நகல் இணைத்துள்ளேன். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து வருகைப் பதிவேடு, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எப்., இன்சூரன்ஸ், ஆபீஸ் மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் இந்தப் பெயரே இருக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் பழைய பெயர் உள்ள தாள்களைத் தனிக் கவரில் வைத்து, தங்களைத் தவிர வேறு யாரும் பார்க்காதபடி பாதுகாக்கவும். மற்ற ஊழியர்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் கேட்டு முடிவு செய்யவும்."

இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வாக்கியங்களை யாரும் சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை. வேலையில் திருநரைப் பாகுபடுத்தக் கூடாது, ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2020 விதிகளில் இருக்கிறது.

கடிதம் கொடுத்த பிறகும் பழைய பெயர் எட்டிப் பார்க்கும் இடங்கள் சில உண்டு. கைரேகை வைக்கும் மெஷின் தினமும் காலையில் எல்லார் முன்னாலும் பெயரைத் திரையில் காட்டும். அதை மாற்றுவது ஆபீஸ் இல்லை, மெஷின் விற்ற கம்பெனி ஆள். எனவே முதல் தேதிக்கு முன்பே அவரை வரச் சொல்லுங்கள். லாக்கரில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, டீத்தூள் டெஸ்பாட்ச் பில்லில் 'தயாரித்தவர்' என்று வரும் பெயர், தீபாவளி போனஸ் பட்டியல் ஆகியவற்றையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். பாத்ரூம் எது என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள். முதல் நாள் காலையில் வாசலில் நின்று தீர்க்கும் விஷயம் இல்லை அது.

கூட வேலை செய்பவர்களுக்கு மேனேஜர் சொல்வதே நல்லது, அதுவும் நீங்கள் அங்கே இல்லாத பத்து நிமிஷத்தில். "வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து இவர் பேரு கவின், சார்னோ தம்பின்னோ கூப்பிடுங்க, வேற கேள்வி கேட்க வேண்டாம்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். ஆபரேஷன் விவரம் யாருக்கும் தேவையில்லை, மேனேஜருக்கும் கூட. ஆஸ்பத்திரிச் சான்றின் நகலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கலெக்டர் சான்றிதழே முழு ஆதாரம்.

பி.எப். பெயரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2017 அக்டோபருக்குப் பிறகு யுஏஎன் எண் வாங்கி அது ஆதாரோடு இணைந்திருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பெயரையும் பாலினத்தையும் முதலாளி ஒப்புதல் இல்லாமல் உறுப்பினரே இணையத்தில் திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் ஆபீஸ் வழியாகக் கூட்டு உறுதிமொழி போட வேண்டும். பேங்குக்கு நேரில்தான் போக வேண்டும். பழைய கையெழுத்தில் பழைய பெயர் இருந்தால் புதுக் கையெழுத்தை வீட்டில் நூறு தடவை போட்டுப் பழகிவிட்டுப் போங்கள். அங்கே மாதிரிக் கையெழுத்து எடுக்கும்போது ஒன்றுக்கொன்று மாறினால், பிறகு உங்கள் செக்கே திரும்பும்.

கடைசியில் வருவது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள். நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக, முதன்மைக் கல்வி அலுவலகம் தாண்டி, சென்னையில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை அது போக வேண்டும். எல்லாவற்றிலும் மெதுவானது இதுதான், ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள். திருநங்கையான பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போட்ட விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டதே, அவர் பெயர் சான்றிதழ்களில் இருந்த பெயரோடு பொருந்தவில்லை என்றுதான். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் அந்த வேலைக்குள் வர முடிந்தது. கல்விச் சான்றுகள், அடையாள ஆவணங்கள் எல்லாம் 2020 விதிகளின் இணைப்புப் பட்டியலில் பெயர் சொல்லி வருகின்றன. சான்றிதழோடு விண்ணப்பித்தால் 15 நாளில் மாற்றித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். அப்படியும் கெஜட் கேட்டால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கெஜட்டை நான் முதலிலேயே போடச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசிதழின் பெயர் மாற்றப் பகுதியில் பழைய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், வீட்டு முகவரி எல்லாம் ஒரே வரியில் அச்சாகும், கீழே புதுப் பெயர். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம், அழிக்கவும் முடியாது. அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் போடுங்கள், அது பல கதவைத் திறக்கும். அச்சான அன்றே எழுத்தைச் சரிபாருங்கள், பிழை இருந்தால் உடனே பிழைதிருத்தம் கேளுங்கள். இந்தப் பேக்டரி வேலை, பேங்க், பி.எப்., ரேஷன் வரைக்கும் கலெக்டர் சான்றிதழையும் ஆதாரையும் வைத்து நடத்திப் பார்த்துவிட்டு, நின்றுபோகும் இடத்தில் மட்டும் அதை எடுங்கள்.

பழைய பெயரில் இருக்கும் எதையும் கிழித்துப் போடாதீர்கள். கையெழுத்தும் சீலும் உள்ள கடித நகல், ஆதார் ரசீது, முதல் சான்றிதழ், பழைய பான், பழைய மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மலை ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் தாள் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் அடுப்புப் பக்கச் சுவர் அலமாரியில் வையுங்கள். புதுப் பெயரையும் பழைய பெயரையும் இணைக்கும் ஒரே தாள் அந்த முதல் சான்றிதழும் திருத்திய சான்றிதழும் சேர்ந்த ஜோடிதான். அதை மட்டும் ஸ்கேன் செய்து, உங்கள் போனிலும் அக்காவின் போனிலுமாக இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.